'ஹலோ'வுக்குப் பிறகு வராத பேச்சு

கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூரிலோ பூம்பாறையிலோ இருந்து 108-ஐ அழைத்தால், எடுப்பவர் தொலைவில் ஒரு கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பார். சேவையின் பெயரைச் சொல்லி, என்ன உதவி வேண்டும் என்று கேட்பார். மறுமுனையில் "ஹலோ" மட்டும் வருகிறது. அடுத்து அவர் என்ன சொல்ல வேண்டும்?

பதிலுக்கு "ஹலோ" சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். காரணத்தை சமூகவியலாளர் இமானுவேல் ஷெக்ளாஃப் 1968-இல் வெளியிட்ட ஆய்வில் காணலாம். அமெரிக்கக் காவல்துறை ஒன்றுக்கு வந்த, அங்கிருந்து போன ஏறத்தாழ 500 அழைப்புகளின் தொடக்கங்களை அவர் ஆராய்ந்தார். எல்லாவற்றிலும் எடுத்தவரே முதலில் பேசினார், ஒன்றைத் தவிர. அதில் எடுத்தவர் ஒரு விநாடி பேசாதிருக்க, அழைத்தவர் "ஹலோ" என்றார். அது வணக்கம் இல்லை, மணியை மறுபடி அடித்தது போன்றது என்று ஷெக்ளாஃப் கண்டுகொண்டார்.

மலையில் சிக்னல் விட்டுவிட்டு வரும். சேவையின் பெயரே அந்தப் பக்கம் போய்ச் சேராமல் இருந்திருக்கலாம். ஆகவே அந்த "ஹலோ"வுக்கு ஏற்ற பதில், "கேட்குதுங்கம்மா, 108-தான். யாருக்கு உடம்பு சரியில்ல?" என்பதுதான். குரல் கேட்கிறது என்ற உறுதியும் கேள்வியும் ஒரே மூச்சில் போய்விடுகின்றன. "சொல்லுங்க" என்று பொதுவாகக் கேட்டால், பதறிப்போனவருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாது. "யாருக்கு" என்றால் "வீட்டுக்காரருக்கு" என்ற ஒரு சொல் போதும். அதிலிருந்து "மூச்சு விடுறாரா?" என்று அடுத்த படிக்குப் போகலாம்.

ஒரு சத்தமும் இல்லாத அழைப்பு இதைவிடக் கடினம். செல்பேசியில் மௌனத்தைக் காது அப்படியே நம்பக் கூடாது. நாம் பேசாதபோது கைபேசி ஒலியை அனுப்புவதைப் பெரும்பாலும் நிறுத்திவிடுகிறது. கேட்பவரின் பக்கம் ஒரு செயற்கை இரைச்சல் நிரப்பப்படுகிறது. லேசான 'ஸ்ஸ்' கேட்பதால் யாரோ மூச்சுவிடுகிறார் என்று முடிவு கட்ட முடியாது. ஆனால் கதவு சாத்தும் சத்தம், விம்மல், நாய்க் குரைப்பு போன்றவை திடீரென்று எழும்போது பல நேரம் பேச்சைப் போலவே கடந்து வரும். இணைப்பு உயிரோடு இருப்பதற்கு அவையே அடையாளம்.

அப்படி ஏதாவது கேட்டால், ஆம் இல்லை என்பதில் அடங்கும் கேள்விகளாகக் கேட்க வேண்டும்: "பேச முடியலன்னா போனை ஒரு தடவை தட்டுங்க." பேசவே பயப்படும் ஆளுக்கு இதுதான் வாய். பிரிட்டனில் 2002 முதல் இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. கைபேசியில் 999-ஐ அழைத்துப் பேச முடியாதவர், கேட்கும்போது 55-ஐ அழுத்தினால் இணைப்பு காவல்துறைக்குப் போகும். ஆனால் 55-ஐ அழுத்துவதால் இருக்குமிடம் தெரிந்துவிடாது.

பாதியில் துண்டிக்கப்பட்ட அழைப்பைத் திரும்ப அழைக்கலாம். சிக்னல் போனதுதான் காரணமென்றால் அதுவே சரி. ஆனால் பின்னணியில் அடக்கிய அழுகையோ அதட்டலோ கேட்டிருந்தால், ஒளிந்திருப்பவரின் கையில் மணி அடிக்கும். எந்த அழைப்பு எந்த வகை என்பதற்கு, துண்டிக்கப்படுவதற்கு முந்தைய சில விநாடிகளில் கேட்டதுதான் சான்று. அதைக் கேட்ட உடனே குறித்து வைக்க வேண்டும்.