இணைப்பில்லா இடத்தில் முடித்த பணி: ஒத்திசைவும் முரண்நீக்கமும்

ஒரு பணியைச் செய்து முடித்தவர், தம் கைத்தொலைபேசியில் உள்ள பணிப்பட்டியலில் அதற்கு நேரே குறியிடுகிறார். அவர் நிற்கும் இடத்தில் இணைய இணைப்பு இல்லை. ஆயினும் செயலி அக்குறியை மறுக்காமல் ஏற்றுக்கொள்கிறது. இணைப்புத் திரும்பியதும் அலுவலகத்தில் உள்ளோரின் பட்டியலிலும் அது தோன்றும் என்று அவர் நம்புகிறார். அந்த நம்பிக்கை எப்போது காக்கப்படுகிறது, எப்போது பொய்த்துவிடுகிறது என்பதை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

இணைப்பில்லாமலும் இயங்கவல்ல செயலி, கைத்தொலைபேசிக்குள் இரண்டு ஏடுகளைப் பேணுகிறது என்று கொள்ளலாம். ஒன்று, பட்டியலின் படி. மற்றொன்று, நாம் செய்த மாற்றங்கள் வரிசையாகக் காத்திருக்கும் ஏடு. குறியிட்டவுடன் படியில் பணி முடிந்ததாகக் காட்டப்படுகிறது. அதே வேளையில் காத்திருப்பு ஏட்டில் ஒரு வரி சேர்கிறது. இணைப்பு வந்ததும் அவ்வரிகள் ஒவ்வொன்றாக, எல்லாருக்கும் பொதுவான பட்டியலை வைத்திருக்கும் வழங்கிக் கணினிக்குச் செல்கின்றன. வழங்கி ‘பெற்றேன்’ என்று விடையளித்த பின்னரே ஒரு வரி ஏட்டிலிருந்து நீக்கப்படுகிறது. பிறர் செய்த மாற்றங்கள் அங்கிருந்து நம்மிடம் வந்து சேர்கின்றன. இந்தக் கொடுக்கல் வாங்கலையே ஒத்திசைவு என்கிறோம்.

இனி ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலத்தடி அறையில் நீரேற்றும் பம்பு இருக்கிறது. அதைச் சோதிக்கும் தொழில்நுட்பர் காலை 9:40 மணிக்குக் கீழே இறங்குகிறார். அங்கே அலைவரிசை எட்டுவதில்லை. 10:05 மணிக்குச் சோதனையை முடித்துக் குறியிட்டு, ‘மூட்டில் சிறு கசிவு உண்டு’ என்று குறிப்பும் எழுதுகிறார். மேலே அலுவலகத்தில் இருக்கும் மேற்பார்வையாளருக்கு இது தெரியாது. அவர் 10:20 மணிக்கு அதே பணியின் நாளை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிவைத்து, வேறொரு பணியாளரிடம் ஒப்படைக்கிறார். தொழில்நுட்பர் 10:50 மணிக்கு மேலே வருகிறார், இணைப்புத் திரும்புகிறது.

பணி முழுவதையும் ஒரே பதிவாகக் கருதி, ‘கடைசியாக எழுதியதே நிலைக்கும்’ என்னும் விதியைப் பின்பற்றும் செயலிகள் உண்டு. அவ்விதிப்படி 10:05ஐ விட 10:20 பிந்தியது. ஆதலால் மேற்பார்வையாளரின் பதிவு நிலைத்து, தொழில்நுட்பரின் குறியும் குறிப்பும் மறைகின்றன. எச்சரிக்கை எதுவும் எழுவதில்லை. வெள்ளிக்கிழமை இன்னொருவர் இறங்கி அதே சோதனையை மீண்டும் செய்கிறார். அதுவரை கசிவைப் பற்றி எவருக்கும் தெரியாது. ‘ஏன் செய்யவில்லை?’ என்ற கேள்வியோ செய்து முடித்தவரை நோக்கியே எழுகிறது. மாற்றம் நிகழ்ந்த நேரத்தைக் கொள்ளாமல், வழங்கியை வந்தடைந்த நேரத்தைக் கொண்டாலும் தீர்வு கிட்டாது. அப்போது 10:50 மணிக்கு வந்த பழைய பதிவு, மேற்பார்வையாளர் குறித்த வெள்ளிக்கிழமையை அழித்துவிடும்.

கடிகாரத்தை நம்புவதில் வேறோர் இடரும் உண்டு. தொழில்நுட்பரின் கைத்தொலைபேசி கையால் அமைக்கப்பட்டு அரைமணி நேரம் முந்தி ஓடுமாயின், 10:05 என்பது 10:35 என்று பதிவாகி முடிவே தலைகீழாகிவிடும். பல கணினிகள் சேர்ந்து இயங்கும்போது சுவர்க் கடிகாரத்தைக் கொண்டு முன்பின் கணிப்பது போதாது என்பதை லெஸ்லி லேம்போர்ட் 1978ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். எது எப்போது நிகழ்ந்தது என்பதை விட, ஒன்று நிகழ்ந்தபோது மற்றொன்று அறியப்பட்டிருந்ததா என்பதே பயனுள்ள கேள்வியாகும்.

இக்கேள்விக்கு விடை காண எளிய வழி, ஒவ்வொரு பணிக்கும் ஒரு பதிப்பெண் தருவது. தொழில்நுட்பர் கீழே இறங்கும்போது பணியின் பதிப்பு 7 என்க. மேற்பார்வையாளர் மாற்றியதும் வழங்கியில் அது 8 ஆகிறது. தொழில்நுட்பரின் மாற்றம் ‘நான் கண்டது 7’ என்னும் செய்தியுடன் வந்து சேர்கிறது. இருவரில் எவரும் மற்றவரின் மாற்றத்தைக் காணாமலே செயல்பட்டனர் என்பதை வழங்கி உடனே அறிந்துகொள்கிறது. முரண் என்பதன் பொருள் இதுதான். இதை அறியக் கடிகாரமே தேவையில்லை.

அறிந்தபின் செய்ய வேண்டியது, முழுப் பதிவையும் மோதவிடாமல் கூறுகூறாக ஒப்பிடுவது. தொழில்நுட்பர் மாற்றியவை நிலையும் குறிப்பும். மேற்பார்வையாளர் மாற்றியவை நாளும் பணியாளரும். ஒரே கூற்றை இருவரும் தொடவில்லை. ஆகவே நான்கையும் காக்கலாம். எனினும் இங்கே ஓர் எல்லை உண்டு. முடிந்த பணி வெள்ளிக்கிழமைக்கு ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்பது எழுத்தளவில் பிழையன்று, பொருளளவில் குழப்பம். மேற்பார்வையாளர் மறுசோதனை வேண்டினாரா, முடிந்தது தெரியாமல் தள்ளிவைத்தாரா என்பதைக் கணினி ஊகிக்க இயலாது. நல்ல செயலி இரண்டையும் காத்து, நிகழ்ந்ததை மேற்பார்வையாளருக்குக் காட்டி, முடிவை அவரிடமே விடும்.

மாதந்தோறும் திரும்பி வரும் பணிகளில் மற்றொரு வகைப் பிழை நேர்கிறது. முடித்ததாகக் குறியிட்டால் பணியின் நாள் அடுத்த மாதத்திற்கு நகரும். குறி வழங்கியை அடைந்து, ‘பெற்றேன்’ என்னும் விடை மட்டும் வழியில் தொலைந்தது என்க. கைத்தொலைபேசி அதே வரியை மீண்டும் அனுப்பும். வழங்கி அதைப் புதிய குறியென்று கொண்டால் நாள் இரண்டு மாதங்கள் நகர்ந்து, ஒரு மாதச் சோதனையே விடுபட்டுவிடும். இதைத் தடுக்கவே ஒவ்வொரு மாற்றத்திற்கும் கைத்தொலைபேசியிலேயே தனி அடையாள எண் இடப்படுகிறது. அதே எண் மீண்டும் வந்தால் வழங்கி விடை மட்டும் அளிக்கும். செயலை மறுபடியும் நிகழ்த்தாது.

ஆயினும் இருவர் தனித்தனியே அதே பணியை முடித்ததாகக் குறியிட்டால் அடையாள எண்கள் வேறுபடும், அப்பாதுகாப்பு உதவாது. எனவே மாற்றத்தை எழுதும் முறையே மாற வேண்டும். ‘இப்போதுள்ள முறையை முடி’ என்று எழுதாமல் ‘மார்ச் மாத முறையை முடி’ என்று எழுதினால், இருமுறை வந்தாலும் மார்ச் ஒருமுறையே முடியும்.

ஒரு செயலி எந்த வகையைச் சார்ந்தது என்பதை எவரும் சோதித்தறியலாம். ஒரே பட்டியலை இரண்டு கைத்தொலைபேசிகளில் திறந்து, ஒன்றை விமானப் பயன்முறைக்கு மாற்றுக. அதில் ஒரு பணிக்குக் குறியிட்டுக் குறிப்பும் எழுதுக. பின்னர் மற்றதில் அப்பணியின் நாளை மாற்றுக. இணைப்பைத் திருப்பிய பின் குறி, குறிப்பு, நாள் ஆகிய மூன்றும் இரண்டிலும் நிலைத்திருக்கின்றனவா என்று பார்க்க. பிறகு இரண்டையும் விமானப் பயன்முறையில் வைத்து, மாதாந்தரப் பணி ஒன்றை இரண்டிலும் முடித்து இணைக்க. நாள் ஒரு மாதம் நகர்ந்தால் நன்று. இரண்டு மாதம் நகர்ந்தால் அச்செயலியில் அத்தகைய பணிகளை ஒருவர் மட்டுமே குறியிடுவது என்று குழுவில் வரையறுத்துக்கொள்ள வேண்டும்.

இறுதியாக ஒன்று. காத்திருப்பு ஏட்டில் உள்ள வரிகள், அனுப்பப்படும் வரை அந்தக் கைத்தொலைபேசியில் மட்டுமே இருக்கின்றன. அதற்குள் செயலியை நீக்கினால் அவை அழியும். கணக்கிலிருந்து வெளியேறினாலும் பல செயலிகளில் அவ்வாறே நேரும். ஆதலால் நிலத்தடியிலிருந்து மேலே வந்தவர், இன்னும் அனுப்பப்படாதவை உள்ளன என்னும் அடையாளம் திரையிலிருந்து மறையும் வரை சற்றுக் காத்திருப்பது நலம். அவ்வடையாளத்தைக் காட்டாத செயலியாயின், அலுவலகத்தில் உள்ளவரிடம் குறி வந்து சேர்ந்ததா என்று கேட்டறிந்த பின்னரே பணி முடிந்ததாகக் கொள்ளுதல் வேண்டும்.