பணப்பையைத் திருப்பித் தருமுன் ஒரு கேள்வி



கந்தசஷ்டி நாட்களில் திருச்செந்தூர்ப் பேருந்து நிலையத்தில் கால் வைக்க இடம் இராது. அத்தகைய ஒரு நாளில், நமது பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் மணப்பாடு செல்லும் பேருந்தின் இருக்கைக்கு அடியில் கறுப்பு மணிபர்ஸ் ஒன்றைக் கண்டெடுத்தார். அதில் 3,850 ரூபாய் இருந்தது. பெயரோ முகவரியோ இல்லை. உள்மடிப்பில் ஒரு காகிதம் மட்டும் நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

அவர் நல்ல உள்ளத்தோடு தேநீர்க் கடையில் அச்செய்தியை உரக்கச் சொல்லிவிட்டார். ஒரு மணி நேரத்திற்குள் ஒருவர் வந்து, "கறுப்பு பர்ஸ்தான், நாலாயிரம் வரை இருக்கும், என்னுடையதே" என்றார். அதே வேளையில் பேருந்து நிலையத்துச் சுவரில், "கறுப்பு மணிபர்ஸ் பணத்துடன் தொலைந்துவிட்டது" என்று ஒரு கைப்பேசி எண்ணோடு அறிவிப்பும் ஒட்டப்பட்டிருந்தது. யாரிடம் கொடுப்பது என்று அறியாமல் இளைஞர் நம்மிடம் வந்தார்.

இக்கேள்வி மிகப் பழமையானது. சகோதரன் இழந்த பொருளைக் கண்டால் அதைத் திருப்பித் தரவேண்டும். அவன் யாரென்று தெரியாவிடில், அவன் தேடி வரும்வரை வீட்டில் வைத்துக் காக்கவேண்டும் என்று இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. சுமார் கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட யூதர்களின் 'மிஷ்னா' என்னும் சட்டநூல் இவ்வசனத்திற்கு நுட்பமான பொருள் கூறுகிறது. பொருளின் பெயரை மட்டும் சொல்லி அடையாளம் சொல்லாதவனுக்குக் கொடுக்கலாகாது. வந்தவன் வஞ்சகனா அல்லனா என்று விசாரித்து அறிவதும் கண்டெடுத்தவனின் கடமையே என்கிறது. ஆக, கேள்வி கேட்பது அன்புக்குக் குறைவன்று. அது அக்கட்டளையின் ஒரு பகுதியே.

கேள்வி எத்தகையதாக இருக்கவேண்டும்? நிறத்தைக் கேட்பதில் பயனில்லை; அது ஏற்கெனவே ஊரறிந்த செய்தி. தொகையை மட்டும் நம்பவும் இயலாது. உடையவரே வழியில் செலவழித்ததை மறந்து தவறாகச் சொல்லக்கூடும். அந்நியரோ ஊகித்துச் சரியாகச் சொல்லிவிடலாம். "உள்ளே காகிதம் இருந்ததா?" என்று கேட்டாலோ, எவரும் "ஆம்" என்பர். எனவே விடையைக் கேள்விக்குள் வைக்காமல், உடையவரே தம் வாயால் சொல்லும்படி கேட்கவேண்டும்.

அறிவிப்பில் இருந்த எண்ணுக்கு நாம் எழுதச் சொன்ன பதில் இதுவே: "ஐயா, தங்கள் அறிவிப்பைக் கண்டோம். கறுப்பு மணிபர்ஸ் ஒன்று எம்மிடம் பத்திரமாக உள்ளது. அது தங்களுடையதாக இருக்கலாம். பணத்தைத் தவிர வேறு என்ன வைத்திருந்தீர்கள் என்று தெரிவியுங்கள். பொருந்தினால் பங்கு இல்லத்திற்கு வந்து பெற்றுக்கொள்ளலாம். கட்டணம் எதுவும் இல்லை."

முதலில் வந்தவரிடமும் இதையே கேட்டோம். "இரண்டொரு சீட்டுகள் இருக்கும்" என்றார். எத்தகைய சீட்டுகள் என்றதும், பிறகு வருவதாகச் சொல்லிப் போனவர் திரும்பவில்லை.

அறிவிப்பு ஒட்டியவரோ கடல் தொழிலாளி. "என்மேல் சந்தேகமா, சாமி?" என்று தொலைபேசியில் வருந்தினார். "உம்மேல் அன்று, உமது பொருளை வேறொருவர் கொண்டுபோகாதிருக்கவே கேட்கிறோம்" என்றோம். தொகையை நாலாயிரத்து இருநூறு என்று தவறாகவே சொன்னார். ஆனால் சற்று யோசித்து, "மகளுக்குச் செருப்பு வாங்க, அவள் பாதத்தைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் வரைந்து எடுத்து வந்தேன்" என்றார். காகிதத்தில் இருந்தது அச்சிறு பாதமே! மறுநாள் இருவர் முன்னிலையில் பணத்தை எண்ணிக் கொடுத்துக் கையொப்பம் பெற்றோம். அது மகளின் பள்ளிக் கட்டணத்திற்காக வைத்திருந்த பணம் என்று அப்போதுதான் அறிந்தோம்.

இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. பையைத் திறந்து பார்த்த திருடனுக்கும் உள்ளிருப்பது தெரியும். ஆதலால் ஐயம் நீங்காவிடில், பையைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது பெறுவதே முறை. உடையவர் இன்னாரென்று அறிந்த பின்னும் பொருளைத் தமதாக்கிக்கொள்வது, பாரதிய நியாய சன்ஹிதா 314ஆம் பிரிவின்படி குற்றமாகும்.

பொருளை இழந்தவர்க்கும் ஒரு சொல். அறிவிப்பில் எல்லா அடையாளங்களையும் எழுதிவிடாதீர்கள். ஒன்றையாவது உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். "கிடைத்துவிட்டது" என்று சொல்லி முன்பணமோ, வங்கியின் ரகசிய எண்ணோ, கைப்பேசிக்கு வரும் எண்ணோ கேட்பவர் கண்டெடுத்தவர் அல்லர். உண்மையாகவே கண்டெடுத்தவர் கேட்பது பையைப் பற்றி மட்டுமே. அவரிடம் நீங்களும் ஒரு கேள்வி கேட்கலாம்: எந்த இடத்தில் எடுத்தீர்கள்? நமது இளைஞரிடம் அத்தொழிலாளி அதைத்தான் கேட்டார். பேருந்தின் இருக்கை என்று கேட்ட பிறகே அவருக்கும் நம்பிக்கை பிறந்தது.