ஃபேன் ஓடுது... ஆவி மட்டும் போகலையே! ஜன்னல் இல்லாத பாத்ரூமுக்கு என்ன வழி?

தஞ்சாவூர் மேல வீதியில் சித்தி வீடு. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். முற்றத்துக்கு மேல் கூரை போட்டு மூடியாகிவிட்டது. நடுவில் கட்டிய பாத்ரூமுக்கு ஜன்னலே கிடையாது. கார்த்திகை மழையில் வெந்நீரில் குளித்துவிட்டு வந்தால், அரை மணி நேரம் கழித்தும் கண்ணாடியில் முகம் தெரியாது. சீலிங் ஓரமெல்லாம் கறுப்புப் பூஞ்சை. இத்தனைக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறது, நன்றாகச் சத்தம் போட்டு ஓடவும் செய்கிறது!

எலெக்ட்ரீஷியன் ஃபால்ஸ் சீலிங்கைக் கழற்றியதும் விஷயம் புரிந்தது. ஃபேனுக்குப் பின்னால் குழாயே இல்லை. ஆவி முழுக்கச் சீலிங்குக்கு மேலே போய்த் தண்ணீராகிப் பலகையை ஊறவைத்திருந்தது.

சரி, எவ்வளவு பெரிய ஃபேன் வேண்டும்? பாத்ரூம் 5 அடி அகலம், 8 அடி நீளம், 9 அடி உயரம். பெருக்கினால் 360 கன அடி. மணிக்கு 10 முறை காற்று மாற வேண்டுமென்றால் 3,600 கன அடி, அதாவது சுமார் 100 கன மீட்டர். ஆனால், பெட்டியில் போட்டிருக்கும் அளவு பொதுவாகக் குழாய் இல்லாமல் ஓடும்போது கிடைப்பது. குழாயும் வளைவும் அதைக் குறைக்கும். அதனால் 150-க்கு மேல் உள்ளதாக வாங்கினோம்.

அதைவிட முக்கியம், ஃபேனின் வகை. சுவர் ஓட்டையில் மாட்டும் சாதாரண இறக்கை ஃபேனுக்கு நீளக் குழாயில் காற்றைத் தள்ளும் பலம் இருக்காது. குழாய்க்கு நடுவில் பொருத்தும் இன்லைன் ஃபேன்தான் இங்கே சரி.

காற்றை இழுக்கும் வாயைக் கதவுக்கு எதிர்ப்பக்கம், ஷவருக்குப் பக்கத்தில் உயரத்தில் வைத்தோம். கதவருகே வைத்தால் உள்ளே வரும் காற்றையே அது இழுத்துக்கொள்ளும், ஆவி மூலையிலேயே நிற்கும். அங்கிருந்து கொல்லைக்கு 12 அடி, 4 அங்குல பி.வி.சி குழாய், ஒரே ஒரு வளைவு. உள்ளே ஆவி குளிர்ந்து நீராகும் என்பதால், வெளிப்பக்கம் 3 அங்குலம் சரிவு. வெளிவாயில் தானாக மூடும் தகடும், பல்லி நுழையாத வலையும். கொசுவலை வேண்டாம், தூசி சேர்ந்து அடைத்துவிடும். செப்டிக் டேங்க் காற்றுக் குழாயோடு இணைக்கவே கூடாது. ஃபேன் நின்றதும் நாற்றம் உள்ளே வரும்.

அப்புறமும் இழுவை போதவில்லை. இழுவாயில் டிஷ்யூ பேப்பரை வைத்தோம். கதவை மூடினால் விழுந்தது, லேசாகத் திறந்தால் ஒட்டிக்கொண்டது. உள்ளே காற்று வர வழியில்லை! கதவின் அடியில் 2 செ.மீ வெட்டியதும் சரியானது.

மழைக்காலத்தில் வெளிக்காற்றும் ஈரம்தான். அதனால் குளித்த பிறகும் 20, 30 நிமிடம் ஓட விட வேண்டியிருக்கிறது.

ஒன்று மட்டும் கண்டிப்பாக: இப்படிப்பட்ட பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, உயிரையே பறிக்கும். காற்று வரவு போதாவிட்டால், எக்ஸாஸ்ட் ஃபேனே அந்தப் புகையை அறைக்குள் இழுத்துவிடலாம். சித்தி வீட்டு கீசரை அன்றே கழற்றிக் கொல்லையில் திறந்த இடத்துக்கு மாற்றிவிட்டோம்.