நாலு ஜி.பி.க்குள் ஒரு படம்

இரண்டரை மணி நேரப் படம் ஒன்றை பென் டிரைவில் போட்டு டி.வி.யில் பார்க்க வேண்டும். டிரைவில் 32 ஜி.பி. காலியாக இருந்தும் படம் ஏற மறுக்கிறது. டிரைவ் FAT32 முறையில் இருப்பதுதான் காரணம். அந்த முறையில் ஒரு கோப்பின் அளவு 4,294,967,295 பைட்டைத் தாண்டக் கூடாது. பழைய டி.வி.கள் பலவற்றுக்கு இந்த முறைதான் புரியும் என்பதால், படத்தையே சுருக்கியாக வேண்டும்.

சுருக்குவதற்குப் பரவலாகப் பயன்படும் x264-இல் பலர் முதலில் எடுப்பது சி.ஆர்.எஃப். என்னும் நிலைத்தர முறை. 0 முதல் 51 வரை ஓர் எண்ணைக் கொடுக்க வேண்டும். எண் ஏற ஏறத் தரம் இறங்கும். எதுவும் கொடுக்காவிட்டால் 23. அந்தத் தரத்தைக் காக்க எத்தனை பிட் தேவையோ அத்தனையையும் அது செலவிடும். இருவர் உட்கார்ந்து பேசும் காட்சிக்குக் கொஞ்சம் போதும், கொட்டும் மழையில் நடக்கும் சண்டைக்கு வாரி இறைக்கும். மொத்தச் செலவு கடைசி ஃபிரேம் முடிந்த பிறகே தெரியும்.

டூ பாஸ் முறையில் கணக்கு முதலில் வருகிறது. 150 நிமிடம் என்றால் 9,000 நொடி. ஓரம் கொஞ்சம் விட்டு 420 கோடி பைட் என்று வைத்துக்கொண்டால், எட்டால் பெருக்கி 9,000-ஆல் வகுக்க, நொடிக்குச் சுமார் 3,733 கிலோபிட் கிடைக்கும். ஒலிக்கு 192 போக, படத்துக்கு 3,500 என்பது பத்திரமான அளவு.

```
ffmpeg -y -i padam.mov -c:v libx264 -b:v 3500k -pass 1 -an -f null /dev/null
ffmpeg -i padam.mov -c:v libx264 -b:v 3500k -pass 2 -c:a aac -b:a 192k padam.mp4
```

விண்டோஸில் `/dev/null` இருக்கும் இடத்தில் `NUL` என்று எழுத வேண்டும். முதல் சுற்றில் படம் உருவாகாது. எந்தக் காட்சி எவ்வளவு கடினம் என்ற குறிப்பு மட்டும் ஒரு கோப்பில் பதிவாகும். இரண்டாம் சுற்று அந்தக் குறிப்பைப் பார்த்து, இருக்கும் பிட்களைப் பங்கிடும். ஒரே சுற்றில் சராசரி பிட்ரேட் கொடுத்து ஓட்டினால் இந்த முன்னறிவு இருக்காது. கிளைமாக்ஸில் என்ன வரப்போகிறது என்று தெரியாமலே செலவு செய்ய வேண்டியிருக்கும்.

டூ பாஸில் தரம் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. இரண்டு முறையிலும் கோப்பு ஒரே அளவில் வந்தால், தரமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். டூ பாஸ் தருவது அளவுக்கான உறுதி மட்டுமே.

அந்த உறுதிக்கும் விலை உண்டு. பழைய ஃபிலிமில் எடுத்த, பொரிபொரியாகத் தெரியும் படம் ஒன்று சி.ஆர்.எஃப். 23-இல் 8 ஜி.பி. வந்தால், எண்ணை ஆறு கூட்டினால்தான் அளவு சுமார் பாதியாகும். அதாவது, 4 ஜி.பி.யில் அடைக்கும்போது எந்த முறையானாலும் 29-இன் தரமே கிடைக்கும். இருட்டுக் காட்சிகளையும் புகையையும் பார்த்தால் கட்டம் கட்டமாக உடைவது தெரியும். அப்போது 1080-ஐ 720-ஆகக் குறைத்துவிட்டு மீண்டும் இரண்டு சுற்று ஓட்டுவதே நல்லது.

எனவே முதலில் சி.ஆர்.எஃப். 20 அல்லது 21-இல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கோப்பு வரம்புக்குள் வந்துவிட்டால் டூ பாஸ் தேவையே இல்லை.