அட்மின் கேட்டாலும் ஆறு இலக்க எண்ணைத் தராதீர்கள்

அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் இருக்கிறீர்கள். அட்மினிடமிருந்து தனிச்செய்தி வருகிறது: "தவறுதலா உங்க நம்பருக்கு ஒரு ஆறு இலக்க எண் போயிடுச்சு. கொஞ்சம் அனுப்புங்களேன், அவசரம்." அதே நேரத்தில் உங்கள் போனுக்கு ஒரு குறுஞ்செய்தியும் வந்திருக்கிறது. அது போலி அல்ல, வாட்ஸ்அப்பே அனுப்பியதுதான். நம்பிவிடுவதற்குக் காரணமே அதுதான்.

நடப்பது இது. அட்மினின் கணக்கு ஏற்கெனவே திருடன் கையில். குழுவில் தெரியும் உங்கள் எண்ணைத் தன் போனில் இருக்கும் வாட்ஸ்அப்பில் உள்ளிட்டு, அது தனது எண் என்கிறான். சரிபார்க்கும் எண் உங்களுக்கு வருகிறது. அதைக் கொடுத்த நொடியில் உங்கள் கணக்கு அவன் போனில் திறக்கும், உங்கள் போனில் மூடிக்கொள்ளும். பழைய உரையாடல்கள் உங்கள் போனிலேயே இருப்பதால் அவை அவனுக்குக் கிடைக்காது. ஆனால் உங்கள் குழுக்களும் உங்கள் பெயருக்கு இருக்கும் நம்பிக்கையும் கிடைத்துவிடும். அடுத்து உங்கள் உறவினர்களிடம் பணம் கேட்பான்.

எச்சரிக்கையை அதே குழுவில் போட்டுவிட்டு இருந்துவிடக் கூடாது. அட்மின் கணக்கு எதிராளியிடம் இருப்பதால், அவன் அந்தச் செய்தியை எல்லோருக்கும் அழித்துவிடலாம், அட்மின்கள் மட்டுமே எழுதலாம் என்று மாற்றியும் விடலாம். ஆகவே முதலில் இன்னொரு அட்மினைப் போனில் கூப்பிட்டு, பறிபோன எண்ணைக் குழுவிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். பிறகு இப்படி எழுதலாம்: "நம் அட்மினின் வாட்ஸ்அப் திருடப்பட்டுள்ளது. இன்று காலை முதல் அந்த எண்ணிலிருந்து வருவது எதுவும் அவர் எழுதியதல்ல. சரிபார்ப்பு எண்ணோ பணமோ கேட்டால் கொடுக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் போனில் பேசிக் குரலைக் கேட்டு உறுதி செய்யுங்கள்." வேறு அட்மினே இல்லையென்றால் புதுக் குழு தொடங்கி, ஆட்களுக்குப் போனில் சொல்லிச் சேர்ப்பதுதான் வழி.

கணக்கைப் பறிகொடுத்தவர் தன் போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து, தன் எண்ணை மீண்டும் பதிவு செய்ய வேண்டும். குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்க எண்ணை உள்ளிட்டதும் திருடன் வெளியேற்றப்படுவான். சில நேரம் வாட்ஸ்அப் அதற்கு மேலும் ஒரு பின் எண் கேட்கும். திருடன் இருபடிச் சரிபார்ப்பை வைத்துவிட்டான் என்று பொருள். அந்தப் பின் இல்லாமல் உள்ளே போக 7 நாள் காத்திருக்க வேண்டும். எரிச்சலூட்டும் காத்திருப்புதான், ஆனால் அந்த நாள்களில் திருடனும் உள்ளே இருக்க மாட்டான். கணக்கு திரும்பியதும், இணைக்கப்பட்ட சாதனங்களில் அறியாதது எது இருந்தாலும் நீக்கிவிட்டு, இருபடிச் சரிபார்ப்பில் சொந்தப் பின் எண்ணை வையுங்கள். அப்படி வைத்தவரின் கணக்கை, குறுஞ்செய்தி எண்ணை மட்டும் வைத்துத் திறக்க முடியாது.

யாராவது ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள், cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியலாம்.