சூதாட்டத்தை விட்டவரின் சனிக்கிழமை

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பெரும்பாலும் வாரச் சம்பளம். சனிக்கிழமை சாயந்திரம் கணக்குப் பார்த்துக் கொடுப்பார்கள். முன்பு கவரில் வந்தது, இப்போது பலருக்கு நேராகப் போனுக்கே வந்துவிடுகிறது. ஆன்லைன் ரம்மியிலோ கிரிக்கெட் பெட்டிங்கிலோ மாட்டிக்கொண்டு, பெரும்பாடு பட்டு வெளியே வந்த ஒருவருக்கு வாரத்திலேயே ஆபத்தான நேரம் அதுதான். கையில் பணம் இருக்கும், மறுநாள் லீவு, உடம்பு ஓய்ந்திருக்கும், போனும் பக்கத்திலேயே இருக்கும்.

"இனிமேல் தொடமாட்டேன்" என்று பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவர்கள்கூட மூன்று, நான்கு மாதத்தில் திரும்ப உட்கார்ந்துவிடுவது ஏன் என்று குடும்பங்கள் கேட்கின்றன. சத்தியம் பொய்யல்ல. ஆனால் அதைச் செய்தது காலை நேரத்துத் தெளிந்த மனம். சனிக்கிழமை இரவு பதினோரு மணிக்கு அந்த மனம் வேறு நிலையில் இருக்கிறது. அந்த நேரத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வதுதான் மறுசரிவுத் தடுப்புத் திட்டம். ஆலன் மார்லாட், ஜூடித் கார்டன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1985இல் ஒரு நூலில் இதை விரிவாக வகுத்தார்கள். முதலில் குடியை விட்டவர்களை மனதில் வைத்து உருவான முறை இது. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் சூதாட்ட நோயையும் மது, போதைப் பழக்கங்களின் வரிசையில் சேர்த்தது. இன்று இந்த நோய்க்கான சிகிச்சையிலும் இந்த முறை பயன்படுகிறது.

அவர்கள் கவனித்ததில் முக்கியமான ஒன்று உண்டு. திரும்ப விழுகிறவர் ஆடத் தொடங்கும் நிமிடத்தில் விழுவதில்லை. பல மணி நேரம் முன்பே, ஒன்றுக்கும் உதவாதவை போலத் தோன்றும் சின்னச் சின்ன முடிவுகளால் அந்த இடத்துக்குத் தானே நடந்து போகிறார்.

இதைப் பார்க்க ஒரு கற்பனை ஆளை எடுத்துக்கொள்வோம். முப்பத்து நான்கு வயது, கட்டிங் மாஸ்டர், மனைவி, இரண்டு பிள்ளைகள். ரம்மியில் தொடங்கி, ஐபிஎல் பெட்டிங்கில் கடன்பட்டு, நான்கு மாதமாக எதையும் தொடாமல் இருக்கிறார். அந்தச் சனிக்கிழமை ஐந்து மணிக்குச் சம்பளம் 6,000 ரூபாய் போனுக்கு வருகிறது. "பணம் வர லேட்டாகும்" என்று மனைவியிடம் சொல்கிறார். ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. வழக்கமான பேக்கரியில் டீ குடிக்க நிற்கிறார். அங்கே முன்பு சேர்ந்து பெட் கட்டிய நண்பன் இருக்கிறான். ஸ்கோர் மட்டும் பார்க்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் வட்டிக்காரர் போன் செய்து நாலு பேச்சுப் பேசுகிறார். எல்லோரும் தூங்கிய பிறகு மொட்டை மாடிக்குப் போகிறார். பதினோரு மணிக்கு, விட்டதில் ஒரு பங்கையாவது பிடித்துவிட்டால் போதும் என்ற நினைப்போடு டெலிகிராமில் வந்திருந்த லிங்க்கைத் தொடுகிறார்.

திட்டத்தின் முதல் பகுதியை இதிலிருந்துதான் எழுத வேண்டும், பின்னாலிருந்து முன்னால். மாடி, வட்டிக்காரர், ஸ்கோர், நண்பன், பேக்கரி, கடைசியில் அந்தப் பொய். பலரும் தூண்டுதல் என்ற தலைப்பில் "டென்ஷன்", "கெட்ட சகவாசம்" என்று எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அதனால் பயனில்லை. எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்த இடம், எந்த ஆள், கையில் எவ்வளவு என்று எழுதினால்தான் தடுக்க முடியும். மேலே சொன்ன வரிசையில் மிக எளிதாக வெட்டக்கூடிய கண்ணி ஐந்து மணிக்கு இருக்கிறது, பதினோரு மணிக்கு இல்லை. சம்பளத்தை மனைவியின் கணக்கிலேயே போடும்படி கம்பெனியில் எழுதிக் கொடுத்துவிட்டால், அந்த இரவு நடந்ததில் பெரும்பகுதி நடந்திருக்காது. வாரச் செலவுக்கு 700 ரூபாயை ரொக்கமாக வாங்கிக்கொண்டு, போனிலிருந்து யுபிஐ செயலியை எடுத்துவிடலாம். ஒரு வளர்ந்த ஆளுக்கு இது கௌரவக் குறைச்சலாகத் தோன்றும். முதல் வருடத்துக்கு மட்டும் என்று இருவரும் பேசித் தேதி போட்டுக்கொண்டால் தாங்கிக்கொள்ள முடிகிறது.

போனையும் சுத்தம் செய்ய வேண்டும். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025இல் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை செய்தது. ஆனாலும் வெளிநாட்டுத் தளங்களும் டெலிகிராம் குழுக்களும் ஆளைத் தேடி வருகின்றன. குழுக்களை விட்டு வெளியேறுவதோடு எண்களையும் பிளாக் செய்ய வேண்டும். விளம்பரக் குறுஞ்செய்திகளை நிறுத்த START 0 என்று 1909க்கு அனுப்பலாம். சூதாட்டத் தளங்களை முடக்கும் BetBlocker போன்ற இலவசச் செயலிகள் உண்டு. இவை எதுவும் முழுப் பூட்டு அல்ல. நினைப்பு வருவதற்கும் கை போவதற்கும் நடுவே கொஞ்ச நேரத்தை உண்டாக்கித் தருவதே இவற்றின் வேலை. ஆடவேண்டும் என்ற வேகம் ஏறி, உச்சிக்குப் போய், இறங்கும். பெரும்பாலும் அரை மணிக்குள் தணிந்துவிடும். அந்த அரை மணியைக் கடத்துவதற்குத்தான் இத்தனை ஏற்பாடும்.

வட்டிக்காரர் என்ற தூண்டுதலை மட்டும் தவிர்க்க முடியாது. விட்டதைப் பிடிக்கணும் என்ற எண்ணம் கடனிலிருந்துதான் பிறக்கிறது, எனவே கடனையும் தாளில் கொண்டுவர வேண்டும். நம் ஆளுக்கு 3 வட்டிக்கு வாங்கியது 80,000, மச்சானிடம் வாங்கியது 40,000 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 5,400 ரூபாய் ஒதுக்கினால் முதல் மாதம் வட்டிக்கு 2,400 போக அசலில் 3,000 கழியும். சிறுகச் சிறுக அசலைக் கழித்துக்கொள்ள வட்டிக்காரர் சம்மதித்தால், 20 மாதத்தில் அந்தக் கடன் முடியும். அதன்பின் மச்சானுக்கு 8 மாதம். மொத்தம் 28 மாதம். நீண்ட காலம்தான். ஆனால் முடிகிற தேதி கண்ணுக்குத் தெரிந்த பிறகு, ஒரே இரவில் அடைத்துவிடலாம் என்ற ஆசைக்குப் பிடி குறைகிறது. மறைத்த கடன் ஒன்றுகூட இருக்கக் கூடாது. மனைவிக்குத் தெரியாத ஒரு லோன் ஆப் போதும், மொத்தக் கணக்கையும் கெடுத்துவிடும். குடும்பத்தார் நகையை விற்று ஒரேயடியாக எல்லாக் கடனையும் அடைப்பதும் நல்லதல்ல என்பேன். சுமை முழுக்க இறங்கிய அடுத்த மாதமே புதுக் கடன் வாங்கத் துணிவு வந்துவிடும்.

அடுத்தது மாற்றுப் பழக்கம். "நடைப்பயிற்சி போங்கள், தியானம் செய்யுங்கள்" என்று சொல்லிவிடுவது சுலபம். ஆட்டம் அந்த ஆளுக்கு எதைக் கொடுத்தது என்று கேட்காமல் மாற்று வைத்தால் நிற்காது. சிலருக்கு அது பரபரப்பைக் கொடுத்தது. வேறு சிலருக்கு வீட்டுக் கவலையை மறக்க ஓர் ஒளிவிடம். நம் மாஸ்டருக்கு இரண்டாவதுதான் என்றால், சனிக்கிழமை ஏழு மணிக்குப் பிள்ளைகளோடு சந்தைக்குப் போவதும், பத்து மணிக்குப் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் படுப்பதும் பொருந்தும். பரபரப்பு தேடுகிற ஆளுக்கு இது உப்புச் சப்பில்லாமல் இருக்கும். அவருக்கு ஞாயிறு காலை வாலிபால், கபடி என்று உடம்பு வேர்க்கிற, எதிராளி இருக்கிற ஒன்று வேண்டும். எதுவானாலும் பழைய ஆட்டம் நடந்த அதே நேரத்தில் இருக்க வேண்டும். காலையில் ஓடுகிற ஓட்டம் இரவு பதினோரு மணியைக் காப்பாற்றாது.

மாற்று வேடத்தில் பழைய பழக்கமே வருவதையும் கவனிக்க வேண்டும். காசில்லாமல் சீட்டு, இலவசமாக ஃபேன்டஸி டீம், லாட்டரி எல்லாம் அதே வாசல்தான். இப்போது அதிகம் தெரிவது பங்குச் சந்தை ஆப்ஷன் வியாபாரம். "இது சூதில்லை, முதலீடு" என்று நம்பி நுழைகிறார்கள். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் இத்தகைய வியாபாரம் செய்த தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டப்பட்டதாகச் செபி ஆய்வே சொல்கிறது. சூதை விட்டவருக்கு அது ஏற்ற இடமல்ல.

மூன்றாவது பகுதி, கூப்பிட வேண்டிய ஆட்கள். மூன்று பேர் போதும். பெயர், எண், எந்த நேரத்தில் எடுப்பார் என்று எழுத வேண்டும். முக்கியமாக, அவர்களிடம் முன்பே விஷயத்தைச் சொல்லி ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். முதல் ஆள் மனைவியாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. ஆட ஆசை வருகிறது என்று கேட்டதும் அவருக்குப் பயமும் அழுகையும் வருவது இயல்பு, அந்தப் பயத்துக்குப் பயந்தே பலர் சொல்லாமல் விடுகிறார்கள். கோபப்படாத, கடன் கொடுக்காத ஓர் அண்ணனோ மூத்த நண்பரோ நல்லது. என்ன பேசுவது என்பதையும் எழுதி வைக்கலாம். அது இப்படி இருக்கும்:

"அண்ணா, எனக்கு ஆடணும்னு தோணுதுங்க. பத்து நிமிசம் லைன்ல இருங்க."

"செரி. எங்க நிக்கற? கையில எவ்வளவு இருக்குது?"

"பேக்கரி வாசல்லங்க. சம்பளம் வந்துருச்சு."

"மொதல்ல அதை வீட்டுக்குப் போட்டு உடு. நான் லைன்லயே இருக்கறேன். அப்பறம் வண்டிய எடுத்துட்டு எங்கூட்டுக்கு வா."

அண்ணன் புத்திமதி சொல்லவில்லை, "இன்னுமா?" என்று கேட்கவில்லை. இடம், பணம் இரண்டையும் மாற்றினார். கூப்பிடப்படுகிறவர் செய்ய வேண்டியது இவ்வளவுதான். நள்ளிரவில் யாரும் எடுக்காவிட்டால் 14416. டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். செத்துவிடலாமா என்ற நினைப்பு தலைகாட்டினால் முதல் அழைப்பே அதற்குப் போக வேண்டும், வீட்டாரும் அன்றிரவு அவரைத் தனியாக விடக் கூடாது. தொடர்ந்து ஆசை அடங்காமலே இருந்தால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகலாம். பேச்சு சிகிச்சை உண்டு, சிலருக்கு மருத்துவர் மாத்திரையும் தருவார்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு நாள் ஆடிவிடலாம். அதற்கும் தாளில் இடம் ஒதுக்க வேண்டும். ஒரு முறை 500 ரூபாய் போவதால் வரும் சேதத்தைவிட, "எல்லாம் போச்சு, இனி என்ன" என்ற நினைப்பால் வரும் சேதம் பெரிது. அந்த நினைப்பில்தான் 500 விடிவதற்குள் 15,000 ஆகிறது. ஆகவே ஆடிவிட்ட முதல் ஒரு மணி நேரத்துக்கு மூன்று வேலை: போனை வேறொருவர் கையில் கொடுப்பது, விட்ட தொகையைக் குறைக்காமல் சொல்வது, மறுநாள் அந்த அண்ணனோடு உட்கார்ந்து எந்தக் கண்ணியில் தவறியது என்று தாளைத் திருத்துவது. ஜெயித்துவிட்டாலும் இதே மூன்றுதான். ஜெயித்த பணம் தோற்ற பணத்தைவிட வேகமாகத் திரும்ப இழுக்கும்.

தாளை மாதம் ஒரு முறை எடுத்துப் பார்த்தால் போதும், ஐபிஎல் நடக்கும் வாரங்களில் அடிக்கடி. திருப்பூர்க்காரர்களுக்குத் தீபாவளி போனஸுக்கென்று தனித் தாளே வேண்டும். ஒரு வருடத்தில் கையில் சேரும் பெரிய தொகை அதுதான். போனஸ் எவ்வளவு, யார் கணக்கில் விழும், அதில் கடனுக்கு எத்தனை, துணிமணிக்கு எத்தனை, பணம் வந்த அன்று சாயந்திரம் யாரோடு இருப்பார் என்பதைப் பட்டுவாடாவுக்குப் பத்து நாள் முன்பே மனைவியும் அவரும் உட்கார்ந்து எழுதி முடித்திருக்க வேண்டும்.