எட்டு நொடி வசனம், நான்கு போஸ்

நம் சினிமாவில் நடிகர் முதலில் நடித்துவிடுவார். குரல் பிறகு டப்பிங் தியேட்டரில் வந்து சேரும். அனிமேஷனில் இது பெரும்பாலும் தலைகீழ். கதாபாத்திரத்தின் ஒரு விரல் அசைவதற்கு முன்பே வசனம் பதிவாகி, நல்ல டேக் பொறுக்கி எடுக்கப்பட்டு, அனிமேட்டரின் கைக்கு வந்துவிடும். விதிவிலக்குகளும் உண்டு. 1930களில் பாப்பாய் படங்களை எடுத்த ஃப்ளைஷர் ஸ்டுடியோவில் முதலில் வரைந்துவிட்டுப் பிறகுதான் குரல் சேர்த்தார்கள். பாப்பாய் வாயைச் சரியாகத் திறக்காமலே ஏதோ முணுமுணுத்துக்கொண்டு திரிவதற்கு அதுவும் ஒரு காரணம். டிஸ்னி பிடித்துக்கொண்ட வழி மற்றது, குரல் முதலில் என்பது. இன்று பல இடங்களில் அதுதான் நடைமுறை.

குரல் முதலில் வந்துவிட்டால் நடிப்பில் பாதி முடிந்த மாதிரிதான். ஆனால் மீதிப் பாதி எங்கே ஒளிந்திருக்கிறது என்று அந்த ஒலியைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எட்டு நொடி வசனம் என்றால், நொடிக்கு 24 ஃப்ரேம் வீதம் 192 ஃப்ரேம். அத்தனையிலும் உடம்பு பெரிதாக எதையாவது செய்துகொண்டிருக்க முடியாது. எந்த மூன்று நான்கு இடங்களில் உடம்பின் நிலை மாற வேண்டும் என்பதை வரையத் தொடங்குவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். அந்த இடங்களைத்தான் தொழிலில் பீட் என்கிறார்கள். அங்கே வரும் உடல்நிலை கீ போஸ்.

ஒரு வசனத்தையே எடுத்துக்கொள்வோம். வீட்டுத் திண்ணையில் அண்ணன் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறான். தம்பி வந்து வண்டிச் சாவியைக் கேட்கிறான். அண்ணனின் பதில்:

“சாவியா? எங்கிட்ட இல்லையே... ஆமா, நேத்து ராத்திரி நீதானே வண்டிய எடுத்த?”

கதைப்படி சாவி அண்ணனின் சட்டைப் பையில்தான் இருக்கிறது, அவன் அதை மறந்துவிட்டான். பேசிக்கொண்டிருக்கும்போதே கை பையில் பட்டு விஷயம் புரிகிறது. ஒப்புக்கொள்ள மனம் வராமல் பழியைத் தம்பி மேல் போடுகிறான்.

முதல் வேலை கேட்பது. கண்ணை மூடிக்கொண்டு, திரையைப் பார்க்காமல், திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். வார்த்தைகள் மனப்பாடமாகி, அவற்றின் பொருள் காதில் விழுவது நின்று, குரலின் ஏற்ற இறக்கமும் மூச்சும் மட்டும் கேட்கத் தொடங்கும் வரை. அதன் பிறகுதான் ஒவ்வொரு சொல்லும் எந்த ஃப்ரேமில் தொடங்கி எதில் முடிகிறது என்று எக்ஸ்போஷர் ஷீட்டில் குறிப்பது. கணினிக்கு முந்தைய காலத்தில் இதற்கென்றே ஸ்டுடியோக்களில் ஆள் இருந்தார். ஒலி பதிந்த 35 எம்எம் சுருளை ஒலித்தலையின் மேல் முன்னும் பின்னும் கையால் இழுத்து, எந்த ஃப்ரேமில் எந்த எழுத்து ஒலிக்கிறது என்று எழுதித் தருவார். ஓர் அடிச் சுருளுக்கு 16 ஃப்ரேம். இப்போது திரையில் வேவ்ஃபார்மே தெரிகிறது.

நம் வசனத்தில் “சாவியா?” 13ஆம் ஃப்ரேமில் தொடங்குகிறது. “இல்லையே” 74இல் முடிகிறது. பிறகு ஒன்றரை நொடிக்கும் மேல் பேச்சே இல்லை. அதன் கடைசியில், 104இல், லேசாக மூச்சு இழுக்கும் ஓசை. 113இல் “ஆமா”. அடுத்த வாக்கியம் 137இல் தொடங்கி 190 வரை ஓடுகிறது, அதற்குள் “நீ” விழுவது 156இல்.

புதிதாக வருபவர்கள் இந்த இடத்தில்தான் வழி தவறுகிறார்கள். வேவ்ஃபார்மைப் பார்த்து, எங்கெல்லாம் அலை உயர்கிறதோ அங்கெல்லாம் ஒரு போஸ் வைத்துவிடுவார்கள். “சாவியா”வுக்குப் புருவம், “இல்லையே”வுக்குக் கை விரிப்பு, “ராத்திரி”க்குப் பின்னால் காட்டும் கட்டைவிரல், “வண்டிய”வுக்கு ஹேண்டில் முறுக்குவது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கை. பார்க்கிறவருக்கு அந்த ஆள் பேசுகிறானா, செய்தி வாசிப்புக்குச் சைகை மொழி பெயர்க்கிறானா என்றே தெரியாது. இது வெறும் ரசனைப் பிரச்சினை இல்லை. அலையின் உயரமே நம்மை ஏமாற்றக்கூடியது. “ரா” என்று வாயை முழுக்கத் திறந்து சொல்லும்போது ஒலி இயல்பாகவே பலமாக வரும். “நீ” என்பதற்கு வாய் அவ்வளவு திறப்பதில்லை, அதனால் அலையும் சிறியது. ஆனால் அந்த வாக்கியத்தின் குத்தல் முழுக்க “நீ”யில் இருக்கிறது. திரை காட்டுவது சத்தத்தின் அளவை மட்டும்தான். எதற்காக அந்தச் சொல் சொல்லப்படுகிறது என்பதைக் காதுதான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: அவன் மனதில் எண்ணம் எங்கே மாறுகிறது?

“சாவியா?” ஒரு வாக்கியம், “எங்கிட்ட இல்லையே” இன்னொரு வாக்கியம். ஆனாலும் இரண்டுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான்: தொந்தரவு பண்ணாதே. எனவே இரண்டுக்கும் சேர்த்து ஒரே போஸ் போதும். பேப்பருக்குள் புதைந்த முகம், தம்பி பக்கம் திரும்பாத தோள். “இல்லையே”வுக்குத் தலை சின்னதாக ஆடலாம், அவ்வளவுதான். மூன்று நொடிக்கு ஒரே நிலையா என்று பயம் வரும். அந்தப் பயத்தில் வைக்கும் கூடுதல் போஸ்தான் அடுத்து வரப்போவதைக் கெடுக்கும்.

அடுத்து வருவது மௌனம். இந்தக் காட்சியின் உயிரே அங்கேதான் இருக்கிறது. வேவ்ஃபார்மில் அங்கே ஒரு தட்டைக் கோடு மட்டும் தெரிவதால் அவசரக்காரர் கண்ணில் படுவதில்லை. பேப்பரின் பக்கத்தைத் திருப்பும்போது கை சட்டைப் பையில் உரசுகிறது, உறைகிறது. இது இரண்டாவது போஸ். 88ஆம் ஃப்ரேம் வாக்கில் வைக்கலாம். கை பையின் மேல், கண் எதையும் பார்க்காத வெற்றுப் பார்வை. 104இல் மூச்சு இழுக்கிறான் அல்லவா? பேச்சுக்காக இழுத்த மூச்சு மட்டுமல்ல அது, தீர்மானம் எடுத்த மூச்சு. மூன்றாவது போஸ் அதிலிருந்து பிறக்கிறது. நெஞ்சு நிமிர்கிறது, முகம் முதன்முறையாகத் தம்பியை நோக்குகிறது. முதலில் கண் திரும்பும், பின்னால் தலை, அதன் பின்னால் தோள். “ஆமா” ஒலிக்கும் 113க்கு முன்பே அந்த நிலைக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். ஏனென்றால் எண்ணம் முந்தியது, சொல் பிந்தியது. சொல்லோடு சேர்ந்து உடம்பு மாறினால் யாரோ பின்னாலிருந்து பொம்மையை இயக்குவது போலத் தோன்றும்.

நான்காவது போஸ் “நீ”க்கு: நீட்டிய விரல். சரியாக 156இல் வைத்தால் பார்ப்பவருக்கு ஏனோ தாமதமாகத் தெரியும். உடம்பின் அழுத்தம் ஒலிக்கு மூன்று நான்கு ஃப்ரேம் முந்தினால்தான் இரண்டும் ஒன்றாக விழுவதாகக் கண் நம்புகிறது என்பது அனிமேட்டர்களின் நீண்ட கால அனுபவம். ஆக 153. அதற்கு முன் “நேத்து ராத்திரி” ஓடும் நேரத்தை என்ன செய்வது? அங்கே கைவீச்சு எதுவும் வேண்டாம். உடம்பு மெல்லப் பின்னால் சாய்ந்து, வீச்சுக்கு இடம் சேர்த்துக்கொள்ளட்டும். விரல் நீண்ட பிறகு கடைசி வரை அதே நிலை. இன்னொரு கை மட்டும் சட்டைப் பையை அழுத்திப் பிடித்திருக்கிறது. “வண்டிய எடுத்த” என்ற சொற்களுக்கு உதடு மட்டும் அசைந்தால் போதும்.

இந்த நான்கையும் முதலில் தீப்பெட்டி அளவுக் கிறுக்கல்களாக வரைவார்கள். தம்ப்நெயில் என்று பெயர். முகத்தில் விவரம் எதுவும் இருக்காது, முதுகின் வளைவும் கை இருக்கும் இடமும் மட்டும் தெரியும். பிறகு அவற்றை உரிய ஃப்ரேம்களில் வைத்து, இடைப்பட்ட அசைவே இல்லாமல், ஒரு போஸிலிருந்து அடுத்ததற்குச் சட்டென்று தாவும்படி வசனத்தோடு ஓட்டிப் பார்ப்பது. கணினி அனிமேஷனில் இதற்கு ஸ்டெப்டு முறை என்றே ஒன்று இருக்கிறது. அடுத்து ஒலியை நிறுத்திவிட்டு, கதை தெரியாத ஒருவரிடம் காட்ட வேண்டும். “ஏதோ ஞாபகம் வந்து, சமாளிக்கிறான்” என்று அவர் சொன்னால் தேர்வு சரி. “கோபமாகப் பேசுகிறான்” என்று மட்டும் சொன்னால் இரண்டாவது போஸ் அவருக்குப் போய்ச் சேரவில்லை. ஒன்று அது போதுமான நேரம் நிற்கவில்லை, அல்லது முதல் போஸிலேயே கை பைக்கு அருகில் இருந்திருக்கிறது, அதனால் மாற்றம் தெரியவில்லை. இரண்டாவதுதான் அடிக்கடி நடப்பது. கீ போஸ்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் போதும், உருவக்கோடு எவ்வளவு மாறியிருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

வாயசைவைப் பற்றி இவ்வளவு நேரம் அதிகம் சொல்லாததைக் கவனித்திருப்பீர்கள். லிப் சிங்க் கடைசி வேலை. உடம்பு சரியாக நடித்துவிட்டால் உதடு ஓரிரு ஃப்ரேம் பிசகினாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. உடம்பு பொய் சொன்னால் எவ்வளவு துல்லியமான உதடும் காப்பாற்றாது.

சில குரல்கள் இந்தச் சிக்கனத்துக்கு இடம் தருவதில்லை என்பதும் உண்மை. 1992இல் வந்த ‘அலாதீன்’ படத்தின் ஜீனிக்கு ராபின் வில்லியம்ஸின் குரல் வேண்டும் என்று விரும்பினார்கள். அவர் ஒப்புக்கொள்வதற்கு முன்பே அனிமேட்டர் எரிக் கோல்ட்பெர்க், வில்லியம்ஸின் மேடை நகைச்சுவைப் பதிவு ஒன்றிலிருந்து சில துண்டுகளை எடுத்து ஜீனியை அசைத்துக் காட்டினார். மனப்பிளவு பற்றிய ஜோக் ஒன்றில் ஜீனிக்கு இன்னொரு தலை முளைத்துத் தன்னோடு தானே வாதாடும். வில்லியம்ஸ் சிரித்தார், படத்துக்கும் வந்தார். அங்கே நொடிக்கு நொடி மாறுவது எண்ணம் மட்டுமில்லை, பேசும் ஆளே மாறுகிறார். அப்படிப்பட்ட தடத்தில் போஸ்கள் நெருக்கமாக வந்தே தீரும். ஆனால் திண்ணையில் பேப்பர் படிக்கும் அண்ணனுக்கு அந்த வேகத்தைக் கொடுத்தால் அவன் ஜீனியாகவும் ஆக மாட்டான், அண்ணனாகவும் இருக்க மாட்டான்.

கிறுக்கல் நிலையிலேயே இயக்குநரிடம் காட்டிவிடுவது நல்லது. பெரிய படங்களில் ஓர் அனிமேட்டர் ஒரு வாரத்தில் முடிப்பது சில நொடிகள்தான். முடித்த பிறகு திருத்தச் சொன்னால் வாரம் போச்சு, நான்கு தம்ப்நெயில் என்றால் ஒரு டீக்குள் மாற்றிவிடலாம். இயக்குநர் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: அண்ணன் மறக்கவில்லை, சாவி தன்னிடம் இருப்பது முதலிலேயே தெரியும், தெரிந்தே பொய் சொல்கிறான். பதிவான குரல் அதேதான், ஒரு ஃப்ரேம்கூட மாறவில்லை. ஆனால் இப்போது “சாவியா?” என்பது நேரம் கடத்தும் கேள்வி ஆகிவிடுகிறது. கை சட்டைப் பையை மறைக்கப் போவது 13ஆம் ஃப்ரேமுக்கு முன்பே, தம்பி கேட்டு முடித்த அந்தக் கணத்தில் நடந்துவிட வேண்டும். “எங்கிட்ட இல்லையே”வின்போது அவன் தம்பியை நேராகப் பார்க்கிறான், கொஞ்சம் அதிகமாகவே பார்க்கிறான். நடுவிலுள்ள மௌனத்தில் இப்போது கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. தம்பி நம்பினானா என்று பேப்பரின் விளிம்புக்கு மேலாக ஒரு கண் நோட்டம் விடுகிறது, நம்பவில்லை என்று தெரிந்ததும் மூச்சு உள்ளே போகிறது. பழைய கிறுக்கல்களில் முதல் மூன்று குப்பைக்குப் போகின்றன. 153இல் நீளும் விரல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.